‘தடுப்புக் கம்பி’ சரிதானா? விமானந்தாங்கிக் கப்பலுக்கு நான்கு சொற்கள்

மீனாட்சி:
அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் இதழ் ஒன்றுக்கு, விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் விமானம் எப்படி ஏறி இறங்குகிறது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நான்கு இடங்களில் பேனா நின்றுவிட்டது. கேட்டபல்ட், அதில் விமானத்தை மாட்டி இழுக்கும் ஷட்டில், விசை வரும்வரை விமானத்தைப் பின்னால் பிடித்திருக்கும் ஹோல்ட்பேக், இறங்கும்போது பிடிக்கும் அரெஸ்டர் வயர். கடைசிச் சொல்லுக்கு ‘தடுப்புக் கம்பி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஏனோ மனம் ஒப்பவில்லை.

அன்பழகன்:
கேட்டபல்ட்டுக்குக் கவண் இருக்கும்போது வேறு எதற்கு? தினைப்புனத்தில் கிளி விரட்டிய கவண் நம்மிடம் எப்போதோ உண்டு. ‘தடுப்புக் கம்பி’யும் சரியாகத்தான் படுகிறது. விமானம் தளத்தைத் தொட்டதும் விமானி எஞ்சினை அணைத்துவிடுவார், குறுக்கே உள்ள கம்பி தடுத்து நிறுத்திவிடும். அதனால் தடுப்பு. இன்னொன்று, நம் விக்ரமாதித்யாவிலும் புதிய விக்ராந்திலும் கவண் கிடையாது. முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த சரிவில் ஓடித் தாவுகின்றன. ஆகவே நம் வாசகருக்குக் கம்பிதான் முக்கியம்.

சேகரன்:
அன்பழகன் தம்பி, கடைசியாகச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் எஞ்சினை அணைப்பதில்லை. நேர்மாறு. சக்கரம் தளத்தைத் தொட்ட அந்த நொடியே விமானி முழு விசையும் கொடுத்துவிடுவார். வாலில் தொங்கும் கொக்கி எல்லாக் கம்பிகளையும் தாண்டிவிட்டால் மறுபடி மேலெழ வேண்டுமே! அணைத்துவிட்டால் மிச்சத் தளத்தைக் கடந்து நேரே கடல்தான். தளத்தின் இறங்குபாதையைக் கோணமாகச் சாய்த்திருப்பதும் இதற்காகத்தான். தவறவிட்டவர் முன்னால் நிற்கும் விமானங்களில் மோதாமல் வெளியே பறந்துவிடலாம்.

எழுபதுகளில் பழைய விக்ராந்தின் தளத்தில் வேலை பார்த்தவன் நான். அதில் நீராவி கேட்டபல்ட் இருந்தது. பிறகு அதைக் கழற்றிவிட்டுத்தான் சரிவு வைத்தார்கள். எனக்குத் ‘தடுப்பு’ பிடிக்காததற்குக் காரணம் சொல்கிறேன். அந்தக் கம்பி எதையும் தடுப்பதில்லை. கொக்கி மாட்டியதும் விமானத்தோடு சேர்ந்து ஓடுகிறது. அமெரிக்காவின் நிமிட்ஸ் வகைக் கப்பலில் சுமார் 100 மீட்டர் இழுபட்டு, இரண்டு மூன்று நொடியில் நிற்கிறது. கம்பியின் இரு முனைகளும் கப்பிகள் வழியாகத் தளத்துக்குக் கீழே உள்ள பொறிக்குப் போகின்றன. அங்கே ஒரு உருளைக்குள் திரவம் அழுத்தப்பட்டு, குறுகிய வால்வு வழியே வெளியேறுகிறது. வேகத்தைத் தின்பது அந்தத் திரவம்தான்.

ஒவ்வொரு விமானம் வரும்போதும் அதன் எடைக்கேற்ப அந்த வால்வைத் திருப்பி வைக்க வேண்டும். கனமான விமானத்துக்கு இலேசான அளவு வைத்துவிட்டால் கம்பி கடைசிவரை ஓடிவிடும், விமானம் நிற்காது. இலேசான விமானத்துக்குக் கனமான அளவு வைத்தால் கொக்கியே பிய்ந்துவரும்.

2016 மார்ச் 18 அன்று வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் ஐசனோவர் கப்பலில் இதுதான் நடந்தது. ஒரு ஹாக்ஐ விமானம் இறங்கியது, கொக்கியும் சரியாகவே மாட்டியது. ஆனால் அதற்கு முந்தைய இறக்கத்தில் வந்த ஒரு கோளாறைச் சரிபார்த்தபோது, ஒரு படி விடுபட்டுப்போனதால் வால்வின் அளவு தவறாக இருந்தது. பொறி வேகத்தைக் குறைக்கவில்லை. முழுச் சுமையும் கம்பியில் விழுந்து அது அறுந்தது. சாட்டைபோல் சுழன்ற முனை தளத்தில் நின்றவர்களை அடித்தது, எட்டுப் பேருக்குக் காயம். விமானம் தள விளிம்பிலிருந்து கீழே மறைந்து, நீரைத் தொடும் தறுவாயில் மேலெழுந்து, கரைக்குப் போய் இறங்கியது. விமானி முழு விசை கொடுத்திருந்ததால்தான் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

அப்புறம், தடுப்பு என்ற சொல்லுக்கு அதே தளத்தில் வேறொரு உரிமையாளர் உண்டு. கொக்கியோ சக்கரமோ பழுதாகி வரும் விமானத்துக்காக, தளத்தின் குறுக்கே நைலான் வலை ஒன்றைத் தூக்கி நிறுத்துவார்கள். அதுதான் தடுப்பு வலை. கம்பிக்கும் அதே பெயர் வைத்தால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

யசோதா:
யாழ்ப்பாணத்திலே சின்னப் பிள்ளைகள் கல் எறியிற கவட்டையை நாங்கள் கெற்றப்போல் என்றுதான் சொல்லுவம். ஆங்கிலச் சொல் எங்களுக்கு எப்பவோ வீட்டுக்குள்ள வந்திட்டுது. ஆனால் கவண் என்றாலும் விளங்கும். கம்பி என்ற சொல்லும் எனக்குச் சரியாப் படேல்லை. கம்பி என்றால் வேலிக் கம்பி, மெல்லிசா ஒற்றையா இருக்கும். இது பல இழை முறுக்கின தடிச்ச உருக்குக் கயிறு எல்லோ? தேர் இழுக்கிற வடம் மாதிரி. வடம் என்று வைக்கலாமே.

சேகரன்:
அம்மா, வடம் அருமை. பிடிவடம் என்று சொல்லிப் பார்க்கிறேன், வாயிலும் நிற்கிறது. 1911 ஜனவரி 18 அன்று யூஜின் எலி முதன்முதலில் பென்சில்வேனியா என்ற போர்க்கப்பலில் இறங்கியபோது இருந்தவையும் கயிறுகளே. தளத்துக்குக் குறுக்கே 22 கயிறுகள், ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஒரு மணல் மூட்டை. விமானத்தின் கொக்கிகள் கயிறுகளைப் பிடிக்க, மூட்டைகள் இழுபட்டு வேகத்தைக் குறைத்தன. அன்றும் பிடித்ததுதான், தடுத்ததில்லை.

குமரேசன்:
நான் காஞ்சிபுரத்தில் தறிக்காரக் குடும்பம். ஷட்டில் என்றதும் என் காதில் விழுந்தது எங்கள் நாடா. பாவு நூலுக்கு இடையே ஊடை நூலைக் கொண்டுபோய்த் திரும்புவது. கப்பலிலும் அது ஓடிவிட்டுத் திரும்பி வருமா? வருமென்றால் நாடாதான்.

சேகரன்:
வரும். தளத்தில் ஒரு நீளப் பிளவு இருக்கும், அதற்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும் கொக்கிதான் அது. கீழே நீராவி உருளைக்குள் இருக்கும் உந்துதண்டோடு இணைந்திருக்கும். சுமார் 90 மீட்டர் ஓடி இரண்டு நொடி அளவில் விமானத்தை மணிக்கு 250 கிலோமீட்டரை ஒட்டிக் கொண்டுபோய் விடும். கடைசியில் உந்துதண்டின் முனை நீர் நிரம்பிய உருளைக்குள் குத்தி மூன்று மீட்டருக்குள் நிற்கும். பிறகு அடுத்த விமானத்துக்காகப் பின்னால் இழுத்துவருவோம்.

ஹோல்ட்பேக்தான் எனக்கு நெருக்கமானது. விமானத்துக்கும் தளத்துக்கும் இடையே ஒரு இரும்புத் தண்டு. எஞ்சின் முழு விசையில் உறுமினாலும் அது விடாது. நீராவியின் இழுப்பும் சேர்ந்து குறித்த அளவைத் தாண்டும்போது மட்டும் அதன் மெலிந்த பகுதி முறியும். அக்காலத்தில் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு புதுத் துண்டு. எடை கூடிய விமானத்துக்கு ஒரு வகை, குறைந்ததற்கு வேறு வகை. மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்று கையில் தடவிப் பார்த்தே கொடுப்போம். முன்னதாக முறிந்தால் விமானம் நீராவியின் துணையில்லாமல் நகர்ந்துவிடும். இப்போது முறியாமல் விடுபடும் வகை வந்துவிட்டது.

அன்பழகன்:
ஐயா, எஞ்சின் விஷயத்தில் நான் தவறு. நன்றி. முறிவது என்றால் தளை எப்படி? கட்டி வைப்பதும் தளை, அறுவதும் தளை. ‘தளை அறுந்தது’ என்று எழுதினால் விளக்கம் வேண்டாம். கவணை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

சேகரன்:
தளைக்கு என் ஒப்புதல். கவண் சுழற்றி எறிவது, இது நேராக இழுப்பது, அதனால் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் ‘நீராவிக் கவண்’ என்றால் பிள்ளை மனத்தில் படம் வந்துவிடும் என்பதை ஏற்கிறேன். அமெரிக்காவின் ஃபோர்டு என்ற விமானந்தாங்கிக் கப்பலில் உள்ளது ‘மின்காந்தக் கவண்’ ஆகும்.

மீனாட்சி:
கவண், பிடிவடம், தளை மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். நாடாவில்தான் தயக்கம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாடா என்றால் பாவாடை நாடா. குமரேசன் அண்ணா, இலக்கியத்தில் வரும் ‘ஓடம்’ என்பதை யோசித்தேன், கடலில் அது படகாகிவிடும். அடுத்த இதழ் போகும்வரை ‘இழுகொக்கி’ என்று வைத்திருக்கிறேன்.

குமரேசன்:
விமானத்தின் வாலிலும் கொக்கி, தளத்திலும் கொக்கி என்றால் எது எது என்று கேட்பார்களே?

மீனாட்சி:
வாலில் இருப்பதை ‘வால்கொக்கி’ என்றே எழுதியிருக்கிறேன். இன்னொன்று, எல்லா வடங்களையும் தாண்டி மறுபடி மேலெழுவதற்கு என்ன சொல்வது? ‘தவறல்’ என்றால் விமானியின் பிழைபோல ஒலிக்கிறது. சேகரன் ஐயா, தளத்தில் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

சேகரன்:
‘போல்டர்’ என்றுதான். தமிழ் பேசுபவர்கள் எங்களுக்குள் ‘சுத்திட்டு வர்றான்’ என்போம்.