‘ஒ’வா, ‘ங’வா? ஜப்பானிய மொழியில் ‘முடியும்’ என்று சொல்லும்போது

புதுவரவு

வணக்கம். நிஷிகசாய்க்குக் குடிவந்து மூணு மாசம் ஆகுது. சனிக்கிழமை நடக்கிற இலவச ஜப்பானிய வகுப்புக்குப் போறேன். போன வாரம் ‘என்னால் கன்ஜியைப் படிக்க முடியும்’னு எழுதச் சொன்னாங்க. நான் ‘கன்ஜி ஒ யொமெரு’ன்னு எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில, நம்ம ‘ஐ’ மாதிரி வர்ற அந்த ‘ஒ’வை அடிச்சுட்டு மேல ‘ங’ போட்டுட்டாங்க. (கங்கைல ரெண்டாவதா வர்ற ‘க’வோட ஒலிதான் அது. ‘க’ன்னு எழுதினா கேள்வி கேட்கிற ‘கா’வோட குழம்பும்னு ‘ங’ன்னு எழுதறேன்.)

சரி, முடியும்னு வந்தா ‘ஒ’ போயி ‘ங’ வரும்னு மனப்பாடம் பண்ணிட்டேன். திங்கக்கிழமை ஆபீஸ்ல மேனேஜர் வந்து, ‘கொனொ ஷொருய் ஒ கின்யோபி மதெ நி தசெமசு கா’ன்னு கேட்கிறார். இந்தக் காகிதத்தை வெள்ளிக்குள்ள கொடுக்க முடியுமான்னு. அவர் ‘ஒ’ தானே போட்டார்? டீச்சர் சொன்னது சரியா, மேனேஜர் சொன்னது சரியா?

கவசாகிக்காரர்

டீச்சர் சொன்னதுதான் சரி. படிக்கிற யொமு, யொமெரு ஆச்சுன்னா ‘ங’. குடிக்கிற நொமு, நொமெரு ஆச்சுன்னா ‘ங’. பேசற ஹனசு, ஹனசெரு ஆச்சுன்னா ‘ங’. ‘தென்ஷா ங நொரெரு’, ரயிலில் ஏற முடியும், அதுவும் ‘ங’. முடியும் வந்தா ங, தீர்ந்தது கதை. மேனேஜர் பேச்சுவாக்குல விட்டிருப்பார், நாம தமிழ்ல இலக்கணம் பார்த்தா பேசறோம்? இதை வச்சுத்தான் நான் ஜப்பானிய மொழித் தேர்வுல என்4 பாஸ் பண்ணேன்.

வாத்தியாரம்மா

கவசாகித் தம்பி, பாதி சரி. ரயிலை மட்டும் இறக்கிவிடுங்கள். ரயிலில் ஏறுவதற்கு ஜப்பானியர் முதலிலிருந்தே ‘நி’ தான் போடுவார்கள்: ‘தென்ஷா நி நொரு’. முடியும் என்று வந்தாலும் ‘தென்ஷா நி நொரெரு’ தான். மாறுவது ‘ஒ’ மட்டுமே. ‘நி’, ‘தெ’, ‘தொ’ எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும்.

புதுவரவு, உங்களுக்கு ‘ஒ’ ஏன் வந்தது தெரியுமா? தமிழில் ‘கன்ஜியைப் படிக்க முடியும்’ என்கிறோம். முடியும் வந்தாலும் ஐ அப்படியே நிற்கிறது. அதை ஒவ்வொரு சொல்லாக மாற்றினால் ‘கன்ஜி ஒ’ தான் வரும். ஆனால் யொமெரு என்பது நம் ‘படிக்க முடியும்’ மாதிரி இரண்டு வினை சேர்ந்தது இல்லை. ஒரே சொல். செய்கிற செயலை விட, இருக்கிற நிலையைச் சொல்கிற சொல். நமக்கும் அப்படிச் சொற்கள் உண்டு: தெரியும், பிடிக்கும், புரியும். ‘எனக்குத் தமிழ் தெரியும்’ என்கிறோம், அங்கே ஐ இல்லை. ‘எனக்குக் காபி பிடிக்கும்’, அங்கேயும் இல்லை. யொமெரு இந்த வீட்டுப் பிள்ளை. ஆளைச் சொல்லும்போதும் அதே சாயல்தான்: ‘வதஷி நி வ யொமெனை’, எனக்குப் படிக்க வராது. அந்த ‘நி’ நம் ‘எனக்கு’வில் இருக்கிற கு மாதிரியே வேலை செய்கிறது.

‘படிக்க முடியும்’ என்கிற நம் கட்டுமானத்தை அப்படியே கொண்டுபோக ஜப்பானிய மொழியில் வேறொரு வழி உண்டு: ‘கன்ஜி ஒ யொமு கொதொ ங டெகிரு’. இங்கே ஒ மாறுவதில்லை, ஏனென்றால் யொமு இன்னும் பழைய யொமுவாகவே இருக்கிறது. ங ஒட்டுவது ‘கொதொ’வுக்கு. அதாவது ‘கன்ஜியைப் படிக்கிற காரியம்’ என்று மொத்தமாகக் கட்டி, அது முடியும் என்பது. தமிழ் நாக்குக்கு இது சுலபம். கொஞ்சம் நீளம், கொஞ்சம் எழுத்து வாடை, ஆனால் தப்பே ஆகாது.

இனி உங்கள் மேனேஜர். அவர் தப்பாகப் பேசவில்லை. அவர் வாக்கியத்தில் காகிதத்துக்கும் ‘தசெமசு’வுக்கும் நடுவில் ‘வெள்ளிக்குள்’ வந்து உட்கார்ந்துவிட்டது. பொருளும் வினையும் ஒட்டி நிற்கும்போது ‘கன்ஜி ங யொமெரு’ என்று ங இயல்பாக வருகிறது. நடுவில் நாள், இடம், காரணம் என்று நுழைய நுழைய ஒ தலைகாட்டும். அதோடு அவர் உங்கள் திறமையை விசாரிக்கவில்லை, ஒரு வேலையைச் செய்யச் சொல்கிறார். கொடுக்கிற செயல் மனதில் முன்னால் நின்றால் ஒ வருவது சகஜம். வகுப்பில் டீச்சர் கேட்பது முதல் வகை, ஆபீஸில் காதில் விழுவது பெரும்பாலும் இரண்டாம் வகை.

ஒரே ஒரு இடத்தில் கண்டிப்பு: ‘செய்’ என்கிற ‘சுரு’ முடியும் என்று வந்தால் முழுசாக ‘டெகிரு’ ஆகிவிடும். ‘நிஹொங்கொ ங டெகிரு’. இங்கே ஒ போட்டால் காதில் உறுத்தும்.

அப்புறம் அந்த ‘ங’. தெரிந்து எழுதினீர்களோ தெரியாமலோ, பழைய தோக்கியோ உச்சரிப்பில் அந்தச் சொல் உண்மையிலேயே மூக்கில்தான் வரும். இளசுகள் இப்போது அப்படிப் பேசுவதில்லை.

சைவப்பிள்ளை

இது எனக்கு ரொம்பத் தேவையான தலைப்பு. நான் சுத்த சைவம். வந்த புதுசுல ஒரு கடையில ‘நிகு வ தபெரரெமசென்’, இறைச்சி சாப்பிட முடியாதுன்னு தெளிவாச் சொன்னேன். பணிவா தலையாட்டிட்டு மீன் கொண்டுவந்து வச்சாங்க. நான் ‘வ’ போட்டதுக்குப் பதிலா ‘ங’ போட்டிருந்தா மீன் வந்திருக்காதா? அப்புறம் தோக்கியோவுல நல்ல சைவ மிசோ சூப் எங்க கிடைக்கும்?

வாத்தியாரம்மா

சூப்புக்கு இது தலைப்பு இல்லை தம்பி, ஆனால் மீன் வந்ததற்குக் காரணம் இந்த ‘வ’ தான். ‘வ’ வந்தால் ‘ங’வும் ‘ஒ’வும் ஒதுங்கிவிடும். முடியாது என்கிற வாக்கியங்களில் பெரும்பாலும் ‘வ’ தான் வரும், எனவே அது இலக்கணப்படி சரி. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு: இறைச்சி*தான்* ஆகாது, மற்றது பரவாயில்லை என்ற தொனி வந்துவிடும். பரிமாறியவர் அதைத்தான் கேட்டிருக்கிறார். ‘நிகு மொ சகனா மொ தபெரரெமசென்’ என்று சொல்லிப் பாருங்கள். இறைச்சியும் ஆகாது, மீனும் ஆகாது. அதே ‘உம்’.

ஒசாகா மாப்பிள்ளை

நானும் ‘ங’ போட்டு மாட்டின ஆள். கல்யாணம் ஆன புதுசு. மனைவியைக் கூட்டிட்டு வர விசா விசாரிக்கக் கவுன்ட்டர்ல போய், மனப்பாடம் பண்ணின விதிப்படி ‘த்சுமா ங நிஹொன் நி யொபெமசு கா’ன்னேன். மனைவியை ஜப்பானுக்கு அழைக்க முடியுமான்னு நினைச்சு. அந்த அம்மா ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, ‘உங்க மனைவி யாரை அழைக்கப் போறாங்க’ன்னு கேட்டாங்க. எனக்குத் தலை கால் புரியல. விதிப்படிதானே சொன்னேன்?

வாத்தியாரம்மா

இது நல்ல உதாரணம். கன்ஜி யாரையும் படிக்காது, அதனால் ‘கன்ஜி ங’ என்றால் குழப்பமே இல்லை. மனைவி அழைக்கவும் செய்வாள், அழைக்கப்படவும் செய்வாள். ‘த்சுமா ங யொபெரு’ என்றால் மனைவிதான் அழைக்கிறாள் என்று முதலில் காதில் விழும். ஆளைச் சொல்லும்போது ஒ-வையே வைத்துக்கொள்ளுங்கள்: ‘த்சுமா ஒ நிஹொன் நி யொபெமசு கா’.

இங்கேயும் தமிழ் கைகொடுக்கும். ‘எனக்குத் தமிழ் தெரியும்’, ஆனால் ‘எனக்கு அவரைத் தெரியும்’. பொருளுக்கு ஐ இல்லாமல் விடுகிறோம், ஆளுக்கு விடுவதில்லை. அதே புத்திதான்.

கவசாகிக்காரர்

அப்ப ‘தபெரரெரு’வும் குழப்பும்தானே? ‘சகனா ங தபெரரெரு’ன்னா மீனைச் சாப்பிட முடியும்னும் ஆகும், மீன் சாப்பிடப்படுதுன்னும் ஆகும். என் பசங்க ஸ்கூல்ல ‘ர’வை விட்டுட்டு ‘தபெரெரு’ன்னு பேசறாங்க. தப்புன்னு திட்டிட்டு இருந்தேன்.

வாத்தியாரம்மா

திட்டாதீர்கள், பசங்க தெளிவாகத்தான் பேசுகிறார்கள். ‘ர’ போனால் ‘முடியும்’ மட்டும்தான் மிச்சம், ‘படுகிறது’ என்ற பொருள் வராது. யொமு, நொமு வகைக்கு இந்தத் தொல்லையே கிடையாது, தபெரு, மிரு வகைக்குத்தான். ஜப்பானியக் கலாச்சாரத் துறை 2016-இல் வெளியிட்ட மொழிக் கணக்கெடுப்பில், ‘பார்க்க முடிந்தது’ என்பதற்கு ‘மிரெதா’ என்பவர்கள் ‘மிரரெதா’ என்பவர்களை முதல் தடவையாக முந்திவிட்டார்கள். ஆனால் பரீட்சையிலும் விண்ணப்பத்திலும் ‘ர’ வேண்டும். டிவியில் ஒருவர் ‘மிரெரு’ என்று பேசும்போது கீழே ஓடும் எழுத்தில் ‘மிரரெரு’ என்று திருத்திப் போடுவதைக் கவனித்துப் பாருங்கள், சிரிப்பு வரும்.

ஒசாகா மாப்பிள்ளை

ஒரு சந்தேகம். ஆள் இல்லாம, நடுவுல ஒண்ணும் நுழையாம இருந்தா ரெண்டுல எதைப் போட்டாலும் ஒரே அர்த்தமா?

வாத்தியாரம்மா

பெரும்பாலும் ஒன்றுதான். ‘மட்டும்’ என்கிற ‘தகெ’ சேர்ந்தால் மட்டும் வித்தியாசம் வரும் என்று இலக்கணக்காரர்கள் ஓர் உதாரணம் காட்டுவார்கள். ‘மிகிமெ தகெ ஒ த்சுமுரெரு’: வலது கண்ணை மட்டும் மூடிக் காட்ட என்னால் முடியும், கண்ணடிக்கத் தெரியும். ‘மிகிமெ தகெ ங த்சுமுரெரு’: மூட முடிவது வலது கண் மட்டும்தான், இடது கண்ணை மூட வராது. நான் இதை ஆபீஸில் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் ‘ஆமாம், வேறுதான்’ என்றார். இன்னொருவர் இரண்டையும் பத்துத் தடவை முணுமுணுத்து, இரண்டு கண்ணையும் மாறி மாறி மூடிப் பார்த்துவிட்டு, ‘எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது’ என்றார். இதில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை.

புதுவரவு

எல்லாருக்கும் நன்றி. இன்னிக்கு மேனேஜருக்குப் பதில் எழுதினேன்: ‘ஷொருய் ஒ மொகுயோபி மதெ நி தசெமசு’. வியாழனுக்குள்ளயே கொடுத்துடறேன்னு. ஒண்ணும் சொல்லல, ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டார். வகுப்புல மட்டும் சண்டை போடாம ‘ங’ எழுதிக்கறேன்.

ஆனா இன்னொண்ணு. நேத்து டீச்சர் ‘மிசு ங நொமிதாய்’னு எழுதினாங்க, தண்ணி குடிக்கணும்னு. அங்க முடியும்னே இல்லையே, ஏன் ‘ங’?

வாத்தியாரம்மா

‘ஆசை’யும் நிலைதான், செயல் இல்லை. அங்கேயும் இரண்டும் வரும், ‘மிசு ஒ நொமிதாய்’ என்றும் கேட்பீர்கள். ஆனால் அது தனிக் கதை, புதுசாக ஒரு கேள்வி போடுங்கள்.

சைவப்பிள்ளை

அக்கா, மிசோ சூப்?

கவசாகிக்காரர்

கடையில தேடாதீங்க தம்பி, பெரும்பாலும் மீன் வடிநீர்தான் இருக்கும். சூப்பர் மார்க்கெட்ல ‘கொம்பு தஷி’ன்னு கடற்பாசியில செஞ்சது கிடைக்கும், அதுல போட்டு வீட்டுல பண்ணுங்க. பாக்கெட்டுக்குப் பின்னாடி ‘கத்சுஒ’ன்னு இருந்தா வச்சுட்டு வந்துடுங்க, மீன் கலந்திருக்குன்னு அர்த்தம்.