கலைச்சொல் உதவி: ஒருவர் கையில் முடியாமல் இருக்கும் பணிகள்

நிலவன்

வணக்கம். கட்டற்ற பணி மேலாண்மைச் செயலி ஒன்றைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். அதில் ஒரு திரை, குழுவில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே முடியாத பணிகள் எத்தனை என்று எண்ணிக் காட்டும். அளவுக்கு மீறிப் போனால் சிவப்புப் பட்டை, ஒன்றுமே இல்லையென்றால் சாம்பல் பட்டை. மூன்று சொற்களில் நிற்கிறேன்.

```
msgid "Open tasks"
msgid "Overloaded"
msgid "Idle"
```

முதலாவதற்கு "திறந்த பணிகள்" என்று முந்தைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை. என்ன வைக்கலாம்?

பிரதீப்

இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறதே: சுமை சமன்படுத்தல். nginx-இல் `least_conn` என்று போட்டால் குறைவான இணைப்பு உள்ள சர்வருக்கு அடுத்த கோரிக்கை போகும். அதையே வைத்து "மிகைச்சுமை", "வெறுமை" என்று முடித்துவிடலாம்.

மாலதி

பிரதீப், நிலவன் கேட்பது சர்வர்களைப் பற்றி இல்லை, ஆட்களைப் பற்றி. ஆனால் நீங்கள் சொன்ன `least_conn` இங்கே ஓர் எச்சரிக்கையாக உதவும். ஒரு சர்வர் கெட்டுப்போய் ஒவ்வொரு கோரிக்கைக்கும் உடனே பிழைச்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தால், அதன் இணைப்புகள்தான் எப்போதும் குறைவாக இருக்கும். அதனால் அதற்கே மேலும் மேலும் கோரிக்கை போகும். ஆட்களிலும் இது நடக்கும். படித்தும் பார்க்காமல் பணியை மூடுகிறவர் பெயருக்கு எதிரே எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். மூடியவற்றில் எத்தனை மறுபடி திறக்கப்பட்டன என்று பார்த்தால்தான் பிடிபடும்.

நிலவன், சொல்லுக்கு முன்னால் அந்தத் திரை எப்படி எண்ணுகிறது என்று பார்த்துவிடுங்கள். உதவி மைய வேலையில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு ஒன்று உண்டு. பணி அட்டவணையிலிருந்து எண்ணத் தொடங்கினால், பணியே இல்லாதவர் பட்டியலில் வரவே மாட்டார். ஐந்து பேர் குழு, கையில் 10, 7, 6, 5, 0 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாமவர் விடுபட்டால் மொத்தம் 28-ஐ நான்கால் வகுத்து சராசரி 7 என்று வரும். சராசரியைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் சிவப்பு என்பது விதியானால் எல்லை 10.5. பத்து வைத்திருப்பவர் தப்பித்துவிடுவார், யாருக்கும் சிவப்பு வராது. ஐந்து பேரையும் சேர்த்தால் சராசரி 5.6, எல்லை 8.4. அதே பத்து இப்போது சிவப்பு. சும்மா இருப்பவர் கண்ணில் படாவிட்டால், திணறுகிறவரும் படமாட்டார். ஆட்களின் அட்டவணையிலிருந்து தொடங்க வேண்டும்:

```sql
SELECT u.name, COUNT(t.id) AS n
FROM users u
LEFT JOIN tasks t
  ON t.assignee_id = u.id AND t.status = 'open'
GROUP BY u.id, u.name;
```

`status` நிபந்தனையைக் கீழே `WHERE`-க்குக் கொண்டுபோனால் பூச்சியக்காரர் மறுபடி காணாமல் போவார். `COUNT(*)` என்று எழுதினால் அவருக்கு 1 என்று காட்டும்.

இராசேந்திரன்

நான் வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் பேசுவதை நாங்கள் கணினி வருவதற்கு முன்பே செய்தோம். ஒவ்வொரு உதவியாளரிடமும் தன்பதிவேடு இருக்கும். வரும் தாள் எல்லாம் அதில் ஏறும், முடிந்தால் முடிவு பதியப்படும். கண்காணிப்பாளர் அதைப் புரட்டிப் பார்த்தாலே யாரிடம் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆகவே "நிலுவைப் பணி" என்று வையுங்கள், அலுவலகம் பார்த்த எல்லோருக்கும் புரியும்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில் ஒரு தம்பியின் பதிவேட்டில் எப்போதும் மற்றவர்களைவிட அதிகம் இருக்கும். ஆய்வின்போது திட்டு வாங்குவார். பார்த்தால் அவரிடம் இருந்தவற்றில் பாதி, நில அளவைக்கு அனுப்பி அறிக்கைக்காகக் காத்திருப்பவை. அவர் செய்வதற்கு அதில் ஒன்றுமில்லை. அந்தப் பையன் பட்ட வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை.

கயல்

எண்ணிக்கை சமமாக இருந்தால் சுமையும் சமம்தானே? அதனால் "பணிச்சுமை" என்று ஒரே சொல்லில் போதும். பணிகளில் பெரியது சிறியது இருக்கும், உண்மைதான். ஆனால் நிறைய பணிகள் வந்தால் அது தானாகச் சரியாகிவிடும்.

மாலதி

கயல், ஒரே வகைப் பணிகள் எல்லோருக்கும் கலந்து வந்தால் நீங்கள் சொல்வது ஓரளவு சரி. கடினமானவை எல்லாம் ஒரே ஆளுக்குப் போகும் இடத்தில் அது சரியாகாது, அனுபவசாலிக்குப் பெரும்பாலும் அப்படித்தான் போகும். கையில் 10 இருந்து நாளுக்கு 5 முடிக்கிறவருக்கு அது இரண்டு நாள் வேலை. கையில் 6 இருந்து நாளுக்கு ஒன்று முடிக்கிறவருக்கு ஆறு நாள். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதியும் வரிசைகளுக்கு இதே கணக்கைத்தான் தருகிறது: தேங்கியிருப்பதை முடியும் வேகத்தால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு நேரம். ஆகவே அந்தக் கட்டத்தில் இருப்பது வெறும் எண்ணிக்கை. அதைச் "சுமை" என்று அழைத்தால் பார்க்கிற மேலாளர் முடிவே செய்துவிடுவார்.

இராசேந்திரன் ஐயா, "நிலுவை" நல்ல சொல். ஆனால் அதில் தாமதம் என்ற சாயல் வந்துவிட்டது. இன்று காலை ஒதுக்கிய பணியை நிலுவை என்றால், அவர் ஏதோ பாக்கி வைத்திருக்கிற மாதிரி ஆகிறது. "உன் கைவசம் எத்தனை இருக்கு" என்று பேச்சில் கேட்கிறோமே, அதையே எடுத்து "கைவசப் பணிகள்" என்று வைக்கலாம். ஐயா சொன்ன தம்பியின் கோப்புகளைப் போன்றவை "காத்திருப்பவை" என்று தனியாக வரட்டும். என் உதாரணத்துப் பத்தில் நான்கு வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருந்தால் கைவசம் ஆறுதான். அப்போது மொத்தம் 24, சராசரி 4.8, எல்லை 7.2. ஆறுக்குச் சிவப்பு விழாது.

பிரதீப்

காத்திருப்பவற்றைக் கழித்தால், எல்லாவற்றையும் காத்திருப்பில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாமே?

மாலதி

போடலாம், போடுகிறார்கள். யாருடைய பதிலுக்கு, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதாமல் காத்திருப்பில் போட முடியாதபடி செயலி தடுத்தால் குறையும், முழுதாகத் தீராது.

இராசேந்திரன்

"கைவசம்" ஏற்கிறேன். எங்கள் பதிவேட்டிலும் காத்திருப்புக்குத் தனிக் கட்டம் இருந்திருந்தால் அந்தப் பையன் பிழைத்திருப்பான். அப்புறம், அந்தச் சாம்பல் பட்டை ஆளை என்னவென்று சொல்வீர்கள்? "வெறுமை" வேண்டாம். "சும்மா இருப்பவர்" என்று திரையில் வந்தால் அது வசவு.

நிலவன்

அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், ஐயா. பூச்சியம் காட்டுகிறவர் விடுப்பில் இருக்கலாம். தொலைபேசியிலேயே வேலை பார்த்து எதையும் பதியாதவராக இருக்கலாம். தானாகப் பணி ஒதுக்கும் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்க மறந்திருக்கலாம், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது சாதாரணமாக நடக்கும். திரைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அவர் பெயரில் பணி இல்லை. அதனால் ஆளைச் சொல்லாமல் நிலையைச் சொல்கிறேன்.

```
msgid "Open tasks"
msgstr "கைவசப் பணிகள்"

msgid "Overloaded"
msgstr "பணி மிகுதி"

msgid "Idle"
msgstr "கைவசம் பணி இல்லை"
```

மாலதி சொன்ன எண்ணும் கோளாறு இந்தச் செயலியிலும் இருக்கிறது, பூச்சியக்காரர் வருவதே இல்லை. சாம்பல் பட்டை இதுவரை யாருக்கும் விழுந்திருக்காது. மூல நிரலுக்குத் திருத்தம் அனுப்புகிறேன்.

கயல்

மூன்றாவது நீளம். கைபேசித் திரையில் பட்டைக்குள் அடங்காது. "பணியின்மை" என்று சுருக்கினால்?

மாலதி

அது வேலையில்லாத் திண்டாட்டம் போல ஒலிக்கிறது. எனக்கு வேண்டாம்.

நிலவன்

எனக்கும் அது வேண்டாம். சுருக்கமாக வேறு தோன்றினால் எழுதுங்கள். அதுவரை நீளமானதையே வைத்து, பட்டையின் அகலத்தைக் கூட்டமுடியுமா என்று நிரலாளர்களிடம் கேட்கிறேன்.