பார்சல் கணக்கில் காசு வாங்குபவருக்கு ஈ.பி.எஃப் உண்டா? பட்டவர்கள் சொல்லுங்கள்

கொட்டாஞ்சேனை ரைடர்:
கொழும்பில் ஒரு கூரியர் நிறுவனத்துக்கு ஓடுகிறேன். பார்சலுக்கு இவ்வளவு என்று காசு, மாதம் 80,000 ரூபாய் அளவில் வரும். கடிதத்தில் ‘சுயாதீன ஒப்பந்ததாரர்’ என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் காலை எட்டு மணிக்கு மருதானை ஸ்டோரில் விரல் அடையாளம் வைக்க வேண்டும், ரூட்டும் அவர்கள் தருவதுதான், சொல்லாமல் நின்றால் வெட்டு. ஈ.பி.எஃப் கேட்டால் சூப்பர்வைசர் சிரிக்கிறார்.

தெமட்டகொடை வாசி:
கையெழுத்து வைத்துவிட்டீர்கள்தானே, இனி ஒன்றும் செய்ய முடியாது. ஒன்று, வரி மிச்சம்.

வெள்ளவத்தை கணக்கர்:
வரி மிச்சமா? 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 18 இலட்சம் வரை வருமான வரி இல்லை. தம்பிக்கு வருவது 9,60,000. ஊழியரோ ஒப்பந்தமோ, வரி பூச்சியம்தான். போவது வேறு காசு: ஊழியராக இருந்தால் நிறுவனம் தன் பங்காக ஈ.பி.எஃப் 12 வீதம், ஈ.டி.எஃப் 3 வீதம் கட்ட வேண்டும். 80,000க்கு அது மாதம் 12,000. உங்கள் சம்பளத்தில் வெட்டுவது 8 வீதம், 6,400, அதுவும் உங்கள் பெயரில்தான் சேரும்.

கடிதத் தலைப்பை வைத்து மட்டும் முடிவு செய்ய மாட்டார்கள். துண்டுக் கணக்கில் சம்பளம் என்பதற்காக ஈ.பி.எஃப் இல்லாமல் போகாது. யார் நேரம் குறிக்கிறார், யார் தண்டிக்கிறார், உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்பலாமா என்பதைப் பார்ப்பார்கள். வாட்ஸ்அப்பில் வரும் ரூட் பட்டியல், வெட்டிய காசின் சீட்டு, வங்கிக் கூற்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுங்கள்.

மென்பொருள் அக்கா:
என் கதை வேறு. உள்ளூர் நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் கோட் எழுதுகிறேன், மாதம் 2,20,000. அவர்கள் 5 வீதம், அதாவது 11,000 பிடித்துக்கொண்டுதான் தருகிறார்கள். அதே சம்பளத்தில் ஊழியராக இருக்கும் தோழிக்கு 4,200தான் வெட்டு!

வெள்ளவத்தை கணக்கர்:
அந்த 11,000 கடைசி வரி இல்லை அக்கா, முற்பணம். உங்களுக்கும் வருட வரி 50,400 அளவில்தான், லப்டொப், இன்டர்நெட் செலவைக் கழித்தால் இன்னும் குறையும். பிடித்ததோ 1,32,000. பிடித்ததற்குச் சான்றிதழ் கேட்டு வாங்கி, நவம்பர் 30க்குள் ரிட்டர்ன் போட்டால் மிச்சத்தைத் திருப்பிக் கேட்கலாம். போடாவிட்டால் அது அங்கேயே கிடக்கும்.

பொரளை டிரைவர்:
அப்போ எனக்கும் ஈ.பி.எஃப் கிடைக்குமா? ரெண்டு ஆப்பில் ஓடுகிறேன், நினைத்தால் போனை நிறுத்திவிட்டுத் தூங்குவேன்.

வெள்ளவத்தை கணக்கர்:
உங்களுடையது கஷ்டம் அண்ணே. நேரம் உங்கள் கையில். ஆனால் கட்டணத்தை ஆப்தான் போடுகிறது, ரேட்டிங் விழுந்தால் கணக்கை மூடுகிறது, அதனால் முழுக்கச் சுயதொழில் என்றும் சொல்ல வராது.

கொட்டாஞ்சேனை ரைடர்:
வெட்டுச் சீட்டு நாலைந்து கிடக்கிறது. முறைப்பாடு கொடுத்த பிறகு ரூட் தராமல் விட்டால்? அப்படி யாருக்காவது நடந்ததா?