தலைவர் செய்தியில் நட்டத்தை எங்கே வைப்பது?

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு சிறு கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையைத் தொகுக்கிறேன். தலைவர் செய்தியில் மாட்டுப்பட்டு நிற்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

வந்த வரைவு இரண்டு பக்கம். முதல் வரியே "சவால்கள் நிறைந்த சூழலிலும் இலக்குகளை நோக்கி வீறுநடை போட்டோம்". சங்கத்தின் பெயரை மாற்றினாலும் பொருந்தும் வரிகளை எல்லாம் வெட்டினேன். மிஞ்சியது அரைப் பக்கம், அதுவும் உயிரில்லாமல்.

பிறகு தேத்தண்ணி குடிக்கேக்க தலைவர் ஐயா கதைத்ததை அப்படியே எழுதினேன்: "மழைக்கு முதல் வெங்காயத்தை வித்திருக்க வேணும். விலை ஏறுமெண்டு வைச்சிருந்தன். களஞ்சியத்தில் அழுகிப்போச்சு." இதைத் திருத்தி, நட்டத் தொகையைக் கணக்காய்வு செய்த கணக்கோடு ஒப்பிட்டுச் சேர்த்தேன். ஐயாவுக்குப் பிடித்தது. நிர்வாகசபைதான் "நான்" என்பதை "நாங்கள்" ஆக்கி, நட்டத்தைக் கடைசிப் பந்திக்குத் தள்ளச் சொல்கிறது. வெங்காயத்தை விற்காமல் வைத்திருக்கும் முடிவு சபையுடையது என்பதால் "நாங்கள்" சரிதான். ஆனால் கடைசியில் வைத்தால் ஒளித்த மாதிரித் தெரியாதா? அங்கத்தவர் எல்லாருக்கும் விஷயம் தெரியும்.

ஆண்டறிக்கை எழுதிய அனுபவம் உள்ளவர்களே, நட்டத்தை முதல் பந்தியிலேயே வைக்க நிர்வாகசபையை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?