முழு எண் மூலமே வராத நாற்படி: உங்க கைக்கு வந்த கணக்கு எது?

கோத்தகிரி டியூஷன்: ப்ளஸ் டூ பசங்க கொண்டு வந்தது. மூடுபனி, நெட் விட்டு விட்டு வருது, போட்டோ ஏறல. டைப் பண்ணியே போடறேன்.

x⁴ + x³ + 3x² + x + 6

±1, ±2, ±3, ±6 எதைப் போட்டாலும் பூஜ்ஜியம் வரல. உங்க பக்கம் இதை எப்படிப் பிரிக்கச் சொல்றீங்க?

கூடலூர் பையன்: மூலம் இல்லைன்னா காரணியும் இல்லைதானே சார்? 'காரணிப்படுத்த இயலாது'ன்னு எழுதினா முடிஞ்சுது.

குன்னூர் கணக்கு: முப்படியா இருந்தா நீங்க சொல்றது சரி தம்பி. நாற்படியில ஒருபடிக் காரணி இல்லைங்கற வரைக்கும்தான் தெரியுது, ரெண்டு இருபடியாப் பிரியலாம். (x² + ax + b)(x² + cx + d)-னு வெச்சு விரிச்சு, கெழுக்களைச் சமப்படுத்துங்க:

a + c = 1
b + d + ac = 3
ad + bc = 1
bd = 6

கடைசி வரியில இருந்து தொடங்கணும். x⁴-ஓட கெழு 1, மத்ததெல்லாம் முழு எண். அதனால a, b, c, d-யையும் முழு எண்ணாத் தேடினாலே போதும். b = 1, d = 6 எடுத்தா ஒண்ணாவது, மூணாவது வரியில இருந்து a = 0, c = 1 அழகா வரும். இங்கதான் பசங்க விடையை எழுதிடறாங்க. ரெண்டாவது வரியில போட்டுப் பாருங்க: 7 வருது, 3 இல்ல. b = 2, d = 3 வெச்சா a = −1, c = 2; 5 − 2 = 3, பொருந்துது.

(x² − x + 2)(x² + 2x + 3)

பழனிமலை: bd = 6-க்கு −1, −6; −2, −3 ஜோடியும் உண்டே, அதை ஏன் விட்டீங்க?

குன்னூர் கணக்கு: நல்ல கேள்வி. −2, −3 வெச்சா a = −3, c = 4 முழு எண்ணாவே வருது, ஆனா ரெண்டாவது வரியில −17. இந்தக் கணக்குல அதைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். கோவையை x²(x² + x + 1) + (2x² + x + 6)-னு எழுதினா எந்த x-க்கும் நேர்மதிப்புதான். மாறிலி குறை எண்ணா இருக்கற இருபடிக்கு மெய் மூலம் கண்டிப்பா இருக்கும், அது இங்க நுழைய முடியாது.

ஊட்டி பாலிடெக்னிக்: எங்களுக்கு x⁴ + 1. b = d = 1 வெச்சா ரெண்டு வரியும் a + c = 0-ன்னே சொல்லுது. இந்த முறையே இங்க ஓடாது போல.

பழனிமலை: ஓடும். b = d ஆனா அந்த ரெண்டு வரியும் ஒண்ணாயிடும், அப்போ ரெண்டாவது வரிதான் கை கொடுக்கும். c = −a, ஆக 2 − a² = 0, a = √2. முழு எண்ணுல பிரியாது, அவ்வளவுதான். இதுவே x⁴ + 4-னா b = d = 2, a = 2; சுத்தமாப் பிரியும்.

கூடலூர் பையன்: அப்போ x⁴ + x + 1? ஒரு வரி a + c = 0-ங்குது, இன்னொரு வரி 1 இல்லாட்டி −1-ங்குது.

குன்னூர் கணக்கு: முழு எண்ணுல கிடையவே கிடையாது. மெய்யெண்ணுல உண்டு; a² = t-ன்னு வெச்சா t³ − 4t − 1 = 0 வரும், அதோட நேர் மூலம் ஏறக்குறைய 2.115.

கோத்தகிரி டியூஷன்: பரீட்சையில இதை எந்த அளவுக்கு எழுதினா மார்க் கொடுப்பாங்க? எங்க பக்கம் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.