31 கையெழுத்து இருந்தும் கோரம் இல்லை

செம்பூர்வாசி:
எங்கள் ஹவுசிங் சொசைட்டியில் 56 ஃபிளாட். செப்டம்பர் கடைசி ஞாயிறு காலை பத்தரைக்கு ஏ.ஜி.எம்., அதாவது ஆண்டுப் பொதுக்கூட்டம். வருகைப் பதிவேட்டில் 31 கையெழுத்து விழுந்ததும் செக்ரட்டரி எழுந்து "கோரம் இருக்கு, ஆரம்பிக்கலாம்" என்றார். கூட்டம் நடத்தக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்குதான் கோரம். மேஜை மேல் வேறு 7 அதாரிட்டி லெட்டர். ஊருக்குப் போனவர்கள், துபாயில் இருப்பவர்கள் எழுதிக் கொடுத்தது. அதையும் சேர்த்து 38 என்று மினிட்ஸில் எழுதச் சொன்னார்.

முன் வரிசையில் இருந்த ஒரு ரிட்டயர்டு ஆடிட்டர், "ஜே ஃபாரத்தைக் கொண்டு வாங்க" என்றார். உறுப்பினர் பட்டியல் அதில்தான் இருக்கிறது. அதை ஒரு கையிலும் பதிவேட்டை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக டிக் அடித்தார்.

ஆறு வீட்டில் கணவன், மனைவி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு ஃபிளாட்டுக்கு ஒரு வோட்டுதான் என்று ஆறைக் கழித்தார். 25. அப்பா அம்மாவுக்காக வந்த பிள்ளைகள் நான்கு பேர். 21. வாடகைக்காரர் இருவர். 19. பவர் ஆஃப் அட்டர்னி பத்திரத்தோடு வந்த ஒரு மச்சினர். 18. அந்த 7 லெட்டரையும் மடித்துச் செக்ரட்டரியிடமே கொடுத்துவிட்டார், ஒன்றைக்கூடப் பிரிக்காமல்.

மாதிரி பைலாப்படி எங்களுக்கு வேண்டியது 20. ரெண்டு குறைச்சல்! கூட்டத்தில் ஒரே சத்தம். உங்கள் சொசைட்டியில், வராத உறுப்பினருக்குப் பதிலாக வரும் ப்ராக்ஸியை எப்படி எண்ணுகிறார்கள்?

முலுண்ட் மாமா:
நான் பல வருஷம் செக்ரட்டரியா இருந்தவன். உங்க ஆடிட்டர் செஞ்சது சரி. மகாராஷ்டிராவில் கோஆபரேட்டிவ் சொசைட்டிக் கூட்டத்துக்கு ப்ராக்ஸி கிடையாது. பவர் பத்திரம் வெச்சிருக்கறவரும் உறுப்பினருக்குப் பதிலா உட்கார முடியாது. பத்திரம் வீட்டை விற்க உதவும், ஏ.ஜி.எம்.முக்கு உதவாது.

20 எங்கேர்ந்து வந்ததுன்னு சில பேருக்குப் புரியலை போலிருக்கு. மொத்த உறுப்பினர்ல மூணுல ரெண்டு பங்கு, இல்லேன்னா 20 பேர், இதுல எது கம்மியோ அது. 56க்கு மூணுல ரெண்டு 38 ஆயிடும், அதனால 20 போதும். பக்கத்துச் சின்ன கட்டடத்துல 18 ஃபிளாட்னா அவங்களுக்கு 12. பெரிய சொசைட்டி 300 ஃபிளாட்டா இருந்தாலும் அதே 20தான். அதனாலதான் எங்க ஏரியாவுல பெரிய காம்ப்ளெக்ஸ்காரங்களுக்குக் கோரம் தலைவலியே இல்லை, 15, 25 ஃபிளாட் இருக்கறவங்கதான் தவிக்கறாங்க.

ஒரு விஷயம் கேக்கறேன். அந்த நாலு பிள்ளைகள்ல யாராவது அசோசியேட் மெம்பரா, அதாவது சொசைட்டியில பதிவான இணை உறுப்பினரா?

செம்பூர்வாசி:
ஆமாம் மாமா, ஒரு பெண். அவர் அம்மா முன்பே சம்மதம் எழுதிக் கொடுத்து, பெயர் பதிவேட்டிலும் ஏறியிருந்தது. ஆடிட்டரே அதைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சேர்த்தார். 19. கமிட்டியில் ஒருவர் "அவங்க வோட்டுப் போடலாம், ஆனா கோரத்துக்கு எண்ணலாமா?" என்று இழுத்தார். சேர்த்தாலும் 20 வரவில்லை என்பதால் அந்தச் சண்டை அப்படியே நின்றது.

டோம்பிவிலி ரவுண்டு:
இதுக்கு ஏன் இவ்வளவு டென்ஷன்? அரை மணி நேரம் வெயிட் பண்ணிட்டு அதே ஹால்ல ஆரம்பிச்சா கோரமே தேவையில்லை. எங்க சொசைட்டியில வருஷா வருஷம் இதான். பத்தரைக்கு அஞ்சு பேர், பதினோரு மணிக்கு எட்டு பேர், சமோசா வந்ததும் இருபத்தஞ்சு பேர்.

முலுண்ட் மாமா:
பாதி சரி. அரை மணி கழிச்சு அன்னிக்கே நடத்தணும்னா, அந்த நேரம் நோட்டீஸ்லயே போட்டிருக்கணும். "கோரம் இல்லையெனில் இதே இடத்தில் 11 மணிக்கு" அப்படின்னு ஒரு வரி. அது இல்லேன்னா 7 நாளுக்குக் குறையாம, 30 நாளுக்கு மேல போகாம வேற தேதிக்குத் தள்ளணும். அந்தத் தள்ளிவெச்ச கூட்டத்துல எத்தனை பேர் வந்தாலும் நடத்தலாம்.

செம்பூர்வாசி:
அங்கேதான் மாட்டிக்கொண்டோம். புது மேனேஜர் நோட்டீஸைப் புதிதாக டைப் அடித்ததில் அந்த வரி விட்டுப்போயிற்று. 14 நாள் முன்னாடி ஒழுங்காகக் கொடுத்த நோட்டீஸ், ஒரு வரிக்காக நின்றது. செப்டம்பர் 30க்குள் ஏ.ஜி.எம். நடத்த வேண்டும் என்பதற்காகத்தான் கடைசி ஞாயிறு வைத்தோம். தள்ளினால் அக்டோபர் ஆகிறது. கூட்டம் செப்டம்பரில் 'தொடங்கியது' என்று எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் செக்ரட்டரி, ஆடிட்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

வேளச்சேரி வாடகை:
நான் வாடகைக்கு இருக்கேன், மெயின்டெனன்ஸ் நான்தான் கட்டறேன். அப்ப என்னை ஏன் எண்ணக் கூடாது? எங்க ஓனர் அமெரிக்காவுல. லிஃப்ட் ரிப்பேரைப் பத்திப் பேச நான்தான் போகணும்.

பள்ளிக்கரணை பொருளாளர்:
பேசலாம் தம்பி, கமிட்டி அனுமதிச்சா. எண்ண முடியாது.

எங்க கதை வேற. எங்க அசோசியேஷன் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல, 1975ஆம் வருஷச் சட்டம், பதிவானது. எங்களுக்கு எல்லாமே எங்க பைலாதான். அதுல ப்ராக்ஸிக்கு இடம் இருக்கு, ஒருத்தர் எத்தனை ப்ராக்ஸி வெச்சுக்கலாம்னு வரம்பு இல்லை. போன தேர்தல்ல ஒரே ஆள் 22 ஃபாரத்தோட வந்தார். பாதிக்கு மேல ஒரே கையெழுத்து மாதிரி இருந்துச்சு, வாட்ஸ்அப்ல வந்த போட்டோவைப் பிரின்ட் எடுத்தது சிலது. இதுல இன்னொரு சிக்கல். கோரம்னு வர்ற இடத்துல பைலா 'ஆஜரான உறுப்பினர்கள்'னு மட்டும் சொல்லுது. ப்ராக்ஸியை வோட்டுக்கு எண்ணுறோம், சரி. ஆஜர் கணக்குல எண்ணலாமா? எங்க ஆளுங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு நிக்கறாங்க, இன்னும் முடியலை.

சிங்கப்பூர் செங்காங்:
இங்கே கான்டோ அடுக்குமாடியில் ஆள் கணக்கே இல்லை, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய பங்கு மதிப்புக் கணக்கு. மொத்தப் பங்கு மதிப்பில் 30 சதவீதம் நேரிலோ ப்ராக்ஸியாகவோ வந்தால் கோரம். ஃபாரம் கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பே கையில் போய்ச் சேர வேண்டும், வாசலில் நின்று நீட்ட முடியாது. முன்பெல்லாம் இங்கேயும் ஒரு அங்கிள் கட்டுக் கட்டாகக் கொண்டு வருவார். 2019இலிருந்து வரம்பு வந்துவிட்டது. ஒருவர் மொத்த வீடுகளில் 2 சதவீதம் அல்லது 2 வீடு, எது அதிகமோ அது வரைதான். எங்கள் 200 வீட்டுக் கான்டோவில் ஒருவருக்கு 4. உங்கள் பைலாவைத் திருத்தும்போது இந்த இரண்டையும் எழுதிவிடுங்கள் அண்ணா, 48 மணி நேரம் இருந்தால் கையெழுத்தைச் சரிபார்க்கவாவது அவகாசம் கிடைக்கும்.

பள்ளிக்கரணை பொருளாளர்:
திருத்தணும்னா கூட்டம் போடணும். கூட்டத்துக்குக் கோரம் வேணும். அந்த 22 ஃபாரம்காரர் வருவாரே!

செம்பூர்வாசி:
அக்டோபர் கூட்டம் முடிந்தது. மொத்தம் 14 பேர். செப்டம்பரில் 19 பேரை வைத்து நடத்த முடியாத கூட்டம், 14 பேரை வைத்து முறைப்படியே நடந்து முடிந்தது. கணக்கு பாஸ், ஆடிட்டர் நியமனம் பாஸ். செப்டம்பர் 30 தாண்டியதைப் பற்றி ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் இதுவரை யாரும் கேட்கவில்லை.

அடுத்து, கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் ரீடெவலப்மென்ட் பேச்சு வருகிறது.

முலுண்ட் மாமா:
அதுக்கு இந்த 20 செல்லாது, அரை மணி நேர வரியும் செல்லாது. 2019 ஜூலை 4 அரசு உத்தரவைப் படிங்கோ. மூணுல ரெண்டு பங்கு உறுப்பினர் நேர்ல வரணும், உங்களுக்கு 38. அதுக்கு மேல மொத்த உறுப்பினர்ல 51 சதவீதம் சம்மதிக்கணும், அது 29. வீடியோவும் எடுக்கணும். துபாய்க்காரங்களுக்கு இப்பவே போன் போட்டு டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கோ, லெட்டர் எழுத வேண்டாம்னும் சொல்லுங்கோ.