குடும்பக் குழு: ராத்திரி 12 மணிக்குள்ள நித்யாவோட ரெஸ்யூம்

நித்யா, 7:12
ஒரு அவசரம். ஆபரேஷன்ஸ் அனலிஸ்ட் வேலை ஒண்ணு வந்திருக்கு, ராத்திரி 12 மணியோட விண்ணப்பம் முடியுது. என் ரெஸ்யூம் முழுக்க கால் சென்டர்ல ஃபோன் கால் எடுத்த கதையாத்தான் இருக்கு. செல்வி அக்கா, கொஞ்சம் பாக்குறியா?

ரமேஷ் மாமா, 7:14
அனுப்பும்மா. நம்ம நண்பர் மூலமா உள்ள கொடுத்துரலாம்.

அம்மா, 7:14
அண்ணா போன தடவையும் இதேதான் சொன்னீங்க

ரமேஷ் மாமா, 7:15
அது அவர் ஊர்ல இல்லாததால சுமதி. எத்தனை தடவை சொல்றது.

பெரியம்மா, 7:15
அம்மாவோட மருந்துச் சீட்டு யார்கிட்ட இருக்கு?

செல்வி, 7:21
இப்பதான் பாத்தேன். நித்யா, வேலை விளம்பரத்துல என்ன கேட்டிருக்காங்கன்னு முதல்ல போடு. அப்புறம் உன் ரெஸ்யூம்.

நித்யா, 7:24
தினசரி, வாராந்திர ரிப்போர்ட் போடணும். க்வாலிட்டி நம்பர்ல ட்ரெண்ட் பாத்து ரூட் காஸ், அதாவது தப்போட மூல காரணம், சொல்லணும். டேட்டாவ சரிபார்க்கணும். எக்ஸெல் கண்டிப்பா. எஸ்க்யூஎல் தெரிஞ்சா நல்லதுன்னு போட்டிருக்கு.

நான் எழுதியிருக்கறது: தினமும் 60 கால் கையாண்டேன். க்வாலிட்டி ஸ்கோர் 95 சதவீதம். ஏஹெச்டி, அதாவது ஒரு காலுக்கு ஆகற சராசரி நேரம், இலக்குக்குள்ள. சிறந்த ஊழியர் விருது ரெண்டு தடவை.

அருண், 7:25
செம ஸ்கோர் 👏

ரமேஷ் மாமா, 7:27
விளம்பரத்துல இருக்கற வார்த்தை எல்லாத்தையும் அப்படியே ரெஸ்யூம்ல போட்ரு. முதல்ல கம்ப்யூட்டர்தான் வடிகட்டுது. எஸ்க்யூஎல்லும் சேத்துக்கோ, ரெண்டு நாள்ல கத்துக்கலாம். வேலை பேரையும் அனலிஸ்ட்னு மாத்திடு.

செல்வி, 7:31
மாமா, வார்த்தை விஷயம் பாதி சரி. அவங்க ரூட் காஸ்னு எழுதியிருந்தா இவளும் அதே சொல்லைத்தான் எழுதணும், வேற பேர்ல எழுதினா தேடறவங்க கண்ணுல படாது. ஆனா வேலை பேரை மாத்தக் கூடாது. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல பழைய ஆஃபீஸ் ஹெச்ஆர்கிட்ட பதவி என்னன்னு கேப்பாங்க. ப்ராசஸ் எக்ஸிக்யூட்டிவ்னே இருக்கட்டும்.

நித்யா, அந்த 95 உன்னைப் பத்தின நம்பர். நீ நல்லா கால் பேசினேன்னு சொல்லுது. இந்த வேலைக்கு எடுக்கறவங்க தேடறது, மத்தவங்க நம்பரை எடுத்துப் பாத்து நீ எதைக் கண்டுபிடிச்சேன்னு. அப்படி எதுவும் செஞ்சதில்லையா? கடைசி ஒரு வருஷம் கால் மட்டும்தான் எடுத்தியா?

நித்யா, 7:34
டீம் லீடர், அதான் எங்க டிஎல், சொன்னதால வாராவாரம் க்யூஏ ஆடிட், அதாவது கால் க்வாலிட்டி செக் பண்ணின ஷீட்டெல்லாம் ஒண்ணா சேத்து அனுப்புவேன். மணிக்கொரு தடவை போற அவர்லி ரிப்போர்ட்டும் நான்தான். ஆனா அது வெறும் காப்பி பேஸ்ட் அக்கா, அதை எப்படி எழுதறது

செல்வி, 7:35
சேத்ததுல ஏதாவது உன் கண்ணுல பட்டுச்சா?

பெரியப்பா, 7:36
க்வாலிட்டின்னா எனக்குத் தெரியும். முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்திருக்கேன். என்ன பொருள் செக் பண்றாங்க?

செல்வி, 7:36
அப்பா, பொருள் இல்ல, ஃபோன் கால்.

பெரியப்பா, 7:37
ஃபோன் கால்ல என்ன இன்ஸ்பெக்‌ஷன்

நித்யா, 7:43
பெரியப்பா, ரெக்கார்ட் ஆன காலைக் கேட்டு மார்க் போடுவாங்க. 14 பேர், ஆளுக்கு மாசம் 5 கால். அக்கா, ஒண்ணு ஞாபகம் வருது. மூணு மாச ஷீட்டைச் சேத்தப்ப மொத்தம் 210 ஆடிட், அதுல 42 ஃபெயில். ஏன் ஃபெயில்னு காரணத்தை வச்சு எக்ஸெல்ல பிவட் போட்டு, எந்தக் காரணம் எத்தனைன்னு எண்ணினேன். 26 கால் ஒரே காரணம்: கஸ்டமர் வெரிஃபிகேஷன் கேள்வி கேக்காம விட்டது. அது ஃபேட்டல், மத்ததெல்லாம் நல்லா பேசினாலும் ஸ்கோர் ஜீரோ ஆயிடும்.

செல்வி, 7:44
இதை ஏன்டி ரெஸ்யூம்ல போடல! அப்புறம்?

நித்யா, 7:48
அந்த 26-ஐயும் ஒவ்வொண்ணா திறந்து பாத்தேன். 17 கால் வேற டீம்லேர்ந்து ட்ரான்ஸ்ஃபர் ஆகி வந்தது. முன்னாடி பேசினவங்க வெரிஃபை பண்ணியிருப்பாங்கன்னு நம்ம ஆளுங்க நினைச்சுட்டாங்க. டிஎல்கிட்ட சொன்னேன். ட்ரான்ஸ்ஃபர் கால் ஸ்க்ரிப்ட்ல மறுபடி வெரிஃபை பண்ணச் சொல்லி ஒரு வரி சேத்தாங்க. அடுத்த ரெண்டு மாசத்துல 140 ஆடிட், அந்தத் தப்பு 5தான்.

அருண், 7:49
நூத்துக்கு 12-லேர்ந்து 4-க்கும் கீழ. சூப்பர்.

ரமேஷ் மாமா, 7:50
பாத்தியா! தப்பை எழுபது சதவீதம் குறைச்சேன்னு போடு.

பெரியப்பா, 7:52
ஒரு நிமிஷம். ஆளுக்கு மாசம் 5 காலா? நாள் ஒண்ணுக்கே 60 எடுக்கறா. 5-ஐப் பாத்து மொத்த மாசத்தையும் எப்படிச் சொல்லுவீங்க? எங்க ஷாப்ல இப்படி ஒரு சாம்பிள் எடுத்தா மேனேஜர் தூக்கிப் போட்டிருப்பார்.

செல்வி, 7:57
அப்பா கேட்டது ரொம்பச் சரி. தனி ஆளுக்கு 5 கால் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஒரு கால் ஃபேட்டல் ஆனாலே அவங்க மாச ஸ்கோர் அஞ்சுல ஒரு பங்கு விழுந்துடும், அடுத்த மாசம் திரும்ப ஏறும். அதை வச்சு ட்ரெண்ட்னு பேசினா தப்பு. ஆனா இவ மூணு மாசத்தை ஒண்ணா சேத்து, ஆளைப் பாக்காம காரணத்தைப் பாத்திருக்கா. 42-ல 26 ஒரே இடத்துல வந்தா அதுல விஷயம் இருக்கு. ரெஸ்யூம்ல "ஆடிட் செய்த கால்களில்" அப்படின்னு சேத்தே எழுது நித்யா. எல்லாக் கால்லயும் குறைஞ்சுதுன்னு உனக்குத் தெரியாது.

அந்தச் சமயத்துல வேற எதுவும் மாறுச்சா?

நித்யா, 7:59
ஆமா அக்கா... அதே மாசம் எல்லாருக்கும் ரிஃப்ரெஷர் ட்ரெயினிங் நடந்துச்சு

செல்வி, 8:02
அப்ப "நான் குறைச்சேன்" கிடையாது மாமா. இன்டர்வியூல முதல் கேள்வியே அதுதான் வரும்: வேற என்ன மாறுச்சு? ட்ரெயினிங் விஷயத்தை மறைச்சு மாட்டிக்கிட்டா மத்த நம்பரையும் நம்ப மாட்டாங்க. கண்டுபிடிச்சது உன்னோடது, ஸ்க்ரிப்ட் மாத்தினது டிஎல். அப்படியே எழுது:

"3 மாதத்தின் 210 க்யூஏ ஆடிட்களைத் தொகுத்து, 42 தோல்விகளில் 26-க்கு வெரிஃபிகேஷன் விடுபட்டதே காரணம் என்றும், அவற்றில் 17 ட்ரான்ஸ்ஃபர் கால்கள் என்றும் கண்டறிந்தேன். ஸ்க்ரிப்ட் மாற்றம், மறுபயிற்சிக்குப் பின் ஆடிட் செய்த 140 கால்களில் இது 5 ஆனது."

இதுக்கு மேல ரூட் காஸ் அனாலிசிஸ்னு அவங்க வார்த்தையையே தலைப்பா வை.

பெரியம்மா, 8:03
செல்வி சாப்பிட்டியா? மருந்துச் சீட்டு கேட்டேனே, யாருமே பதில் சொல்லல

அம்மா, 8:03
என்கிட்ட இல்ல அக்கா

அருண், 8:05
நானும் ரெண்டு வருஷமா டேட்டா என்ட்ரி, தப்பு ரேட் ரொம்பக் கம்மி. எனக்கும் இந்த வேலை சரியா வருமா? அக்கா என் ரெஸ்யூமும் பாரேன்.

செல்வி, 8:06
நாளைக்கு அருண். நித்யா, அவர்லி ரிப்போர்ட்ல ரெண்டு இடத்து நம்பர் ஒத்துப் போகாம இருந்திருக்கா?

நித்யா, 8:10
அடிக்கடி. கால் வந்து போற டயலர் சிஸ்டத்துல இருந்த கால் எண்ணிக்கையும், காலுக்குப் பதிவு பண்ற டிக்கெட் எண்ணிக்கையும் நைட் ஷிஃப்ட்ல மட்டும் சேராது. அப்புறம்தான் தெரிஞ்சுது, டிக்கெட் சிஸ்டம் வேற டைம்ஸோன்ல ஓடுது, அதனால நடு ராத்திரிக் கால் வேற தேதில விழுது. ரெண்டையும் ஒரே நேரத்துக்கு மாத்தி, அப்புறம்தான் தேதி பிரிச்சேன். கிட்டத்தட்ட சேந்துடுச்சு.

செல்வி, 8:11
டேட்டாவ சரிபார்க்கணும்னு கேட்டிருக்காங்களே, அதுக்கு நேர் பதில் இது. உன் காப்பி பேஸ்ட்ல இவ்ளோ இருக்கு பாரு. வாராந்திர ஏஹெச்டி எப்படி எடுப்ப?

நித்யா, 8:12
ஷிஃப்ட் வாரியா ஏஹெச்டி வரும். அதுக்கு AVERAGE போடுவேன்.

செல்வி, 8:18
அய்யோ. இங்கதான் பல பேர் விழுறாங்க. பகல் ஷிஃப்ட் 900 கால், ஏஹெச்டி 6 நிமிஷம். நைட் 100 கால், 10 நிமிஷம். AVERAGE போட்டா 8 வரும். ஆனா மொத்தம் செலவான நேரம் 5400 ப்ளஸ் 1000, அதாவது 6400 நிமிஷம். கால் 1000. நிஜமான ஏஹெச்டி 6.4. நூறு காலும் தொள்ளாயிரம் காலும் ஒரே எடை ஆயிடுச்சு. B-ல கால் எண்ணிக்கை, C-ல ஏஹெச்டி இருந்தா:

```
=SUMPRODUCT(B2:B3,C2:C3)/SUM(B2:B3)
```

நித்யா, 8:20
அப்ப நான் ஒரு வருஷமா தப்பா அனுப்பியிருக்கேனா 😟

செல்வி, 8:23
ரெண்டு ஷிஃப்டுக்கும் கால் எண்ணிக்கை கிட்டத்தட்ட சமம்னா வித்தியாசம் கம்மியாத்தான் இருக்கும். பழைய ஷீட்ல ஒரு வாரம் போட்டுப் பாரு. தப்பா இருந்தா நாளைக்கே டிஎல்கிட்ட சொல்லு, அந்த நம்பரை வச்சு அவங்க ஆள் கணக்கு போட்டிருந்தா பாதிக்கும். இன்டர்வியூல கேட்டா, இப்படிப் போட்டேன், இப்படித் திருத்தினேன்னு தைரியமா சொல்லு.

பெரியப்பா, 8:24
எடை போடாத சராசரி ஆபத்து. எங்க ஷாப்லயும் இதே சண்டை.

நித்யா, 8:26
அக்கா அந்த ஷீட்டோட ஸ்க்ரீன்ஷாட்டை சேத்து அனுப்பவா? நம்புவாங்க.

செல்வி, 8:28
கூடவே கூடாது. அது ஆஃபீஸ் டேட்டா, கஸ்டமர் விவரமும் இருக்கும். க்ளையன்ட் பேர் கூட ரெஸ்யூம்ல வேணாம். காட்டணும்னா அதே அமைப்புல சும்மா நம்பர் போட்டு வீட்ல ஒரு ஷீட் செய், மாதிரித் தரவுன்னு மேலயே எழுதிடு.

ரமேஷ் மாமா, 8:30
எஸ்க்யூஎல் என்னாச்சு? அதை விட்டா சீட்டு கிழியும்.

செல்வி, 8:33
தெரிஞ்சா நல்லதுன்னுதானே மாமா போட்டிருக்காங்க, கட்டாயம்னு இல்ல. தெரியாததைப் போட்டா, ஸ்க்ரீன்ல ஒரு டேபிளைக் காட்டி எழுதச் சொல்வாங்க, அங்கயே முடிஞ்சுது. நித்யா, உனக்கு எவ்ளோ தெரியும்?

நித்யா, 8:34
SELECT, WHERE தெரியும். GROUP BY பாத்திருக்கேன், தனியா எழுத வராது.

ரமேஷ் மாமா, 8:34
அப்ப தெரியும்னு அர்த்தம்

செல்வி, 8:35
அடிப்படை, கற்றுக்கொண்டிருக்கிறேன்னு போடலாம். எனக்கு அதுலயும் முழு சம்மதம் இல்ல.

அம்மா, 8:36
ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. பிள்ளை எதைத்தான் எழுதுவா

நித்யா, 9:51
மாத்திட்டேன். ரூட் காஸ் மேல, டைம்ஸோன் சரிபார்ப்பு அதுக்குக் கீழ, 60 கால் கடைசி வரில. விருதை எடுத்துடவா?

செல்வி, 9:54
ஒரு வரி இருக்கட்டும். ஏஹெச்டி?

நித்யா, 9:57
நாலு வாரம் போட்டுப் பாத்தேன். மூணு வாரம் சில செகண்ட்தான் வித்தியாசம். ஒரு வாரம் நைட்ல ஆளே கம்மி, அதுல 40 செகண்ட் தள்ளிப் போயிருக்கு. டிஎல்க்கு காலைல சொல்றேன். ரெஸ்யூம்ல ஏஹெச்டி வரியை இப்போதைக்கு எடுத்துட்டேன்.

ரமேஷ் மாமா, 10:02
பிடிஎஃப் எனக்கும் அனுப்பு. எஸ்க்யூஎல் போட்டியா இல்லையா?

நித்யா, 10:03
இன்னும் முடிவு பண்ணல மாமா. 11 மணிக்குள்ள ஏத்திடுவேன்.

அருண், 10:04
அக்கா நாளைக்கு எத்தனை மணிக்கு என்னோடது?

பெரியம்மா, 10:06
சீட்டு கிடைச்சுது. பெரியப்பா கண்ணாடிப் பெட்டில இருந்துச்சு.